முதிர்வுத் தொகையில் எது வரிக்கு உட்பட்டது? பெரியப்பாவின் இரண்டு பாலிசிகள், அத்தையின் ஒன்று

போன நவம்பரில் காசிமேட்டுப் பெரியப்பாவின் வங்கிக் கணக்கில் 7,13,600 ரூபாய் வந்து விழுந்தது. பத்து வருடத்துக்கு முன், ஓய்வு பெற்ற பணத்தில் ஒரே தவணையாகக் கட்டிய இன்சூரன்ஸ் பாலிசியின் முதிர்வுத் தொகை அது. கூடவே வந்த கடிதத்தில் 6,400 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருப்பதாக இருந்தது. “இன்சூரன்ஸ் பணத்துக்கு வரி கிடையாதுன்னு சொல்லித்தானேம்மா கட்ட வெச்சாங்க, இப்ப ஏன் புடிச்சாங்க?” என்று கேட்டார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நான் கணக்கெழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு அங்கே வருகிறவர்கள் நிறைய. அதனால் அவருடைய பாலிசிப் பத்திரங்களை, அதாவது பாண்டுகளை, வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெரும்பாலானவர்கள் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. காப்புத் தொகைக்கு, அதாவது ‘சம் அஷ்யூர்டு’க்கு, வரி இல்லை; அதற்கு மேலே வந்த போனஸுக்குத்தான் வரி என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. காப்புத் தொகையின் வேலை வாசலோடு முடிந்துவிடுகிறது. பாலிசி வரிவிலக்குக்குள் நுழைகிறதா இல்லையா என்று சொல்வதற்குத்தான் அது. நுழைந்துவிட்டால் போனஸ் உட்பட அத்தனை பணமும் வரியில்லாதது. நுழையவில்லை என்றால், வந்த தொகையிலிருந்து கழிப்பது கட்டிய பிரீமியத்தை. காப்புத் தொகையை அல்ல.

வாசலில் பார்ப்பது என்ன? வருமான வரிச் சட்டம் 10(10டி) பிரிவு பாலிசி எப்போது வழங்கப்பட்டது என்று முதலில் கேட்கிறது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் வழங்கியதாக இருந்தால் பிரீமியத்துக்கும் காப்புத் தொகைக்கும் எந்த விகிதமும் பார்க்க வேண்டாம். அன்றிலிருந்து 2012 மார்ச் 31 வரை வழங்கிய பாலிசிகளில், எந்த ஒரு வருடத்துப் பிரீமியமும் காப்புத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2012 ஏப்ரல் 1 முதல் வழங்கியவற்றுக்கு அது 10 சதவீதம். (மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டம் குறிப்பிடும் சில கடும் நோய்கள் உள்ளவர்களுக்கும் 2013 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம்.) ‘எந்த ஒரு வருடத்துப் பிரீமியமும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். சராசரி எடுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது.

பெரியப்பாவின் முதல் பாலிசி 2005 டிசம்பரில் போட்டது, இருபது வருட எண்டோமென்ட். காப்புத் தொகை 2 லட்சம், வருடப் பிரீமியம் 10,240. 20 சதவீத வரம்பு என்றால் 40,000 வரை கட்டலாம். அவர் கட்டியது அதில் நாலில் ஒரு பங்கு. முதிர்வில் காப்புத் தொகை 2 லட்சம், சேர்ந்த போனஸ் 1,80,000, கடைசியில் கொடுக்கும் கூடுதல் போனஸ் 20,000, ஆக 4 லட்சம் வந்தது. இருபது வருடத்தில் கட்டியது 2,04,800. மேலே கிடைத்த 1,95,200 ரூபாயில் ஒரு பைசாவுக்கும் வரி இல்லை, டி.டி.எஸ்.ஸும் பிடிக்கவில்லை. ரிட்டர்னில் இந்த 4 லட்சத்தை விலக்கு பெற்ற வருமானம் என்ற இடத்தில் 10(10டி) என்று காட்டினால் போதும்.

இரண்டாவதுதான் 7,13,600 வந்த பாலிசி. 2015 நவம்பரில் போட்டது, பத்து வருடம், ஒரே தவணை. பிரீமியம் 4 லட்சம். இது சேவை வரி சேராத தொகை. ரசீதில் சேவை வரி தனியாகக் காட்டப்பட்டிருந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. காப்புத் தொகை 5 லட்சம். அதில் 10 சதவீதம் 50,000. அந்த வருடம் கட்டியதோ 4 லட்சம், அதாவது 80 சதவீதம். வாசலிலேயே நின்றுவிட்டது.

ஒரே தவணைப் பாலிசிகள் அநேகமாக எல்லாமே இப்படித்தான் நிற்கும். 4 லட்சம் ஒரே தவணையில் கட்டி 10 சதவீதத்துக்குள் வர வேண்டுமானால் காப்புத் தொகை 40 லட்சம் இருக்க வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு 40 லட்சம் உயிர்க் காப்பு கொடுக்க ஆகும் செலவு கட்டிய பணத்தையே தின்றுவிடும். அதனால் நிறுவனங்கள் பிரீமியத்தில் ஒன்றேகால் மடங்கு மாதிரி ஒரு காப்பை வைத்து, மீதியைச் சேமிப்பாக நடத்துகின்றன. உயிருக்கான காப்பு பேருக்கு மட்டும் இருக்கிற டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் சலுகை போகக் கூடாது என்பதுதான் இந்த விகிதத்தின் நோக்கம். அந்த வகையில் பெரியப்பாவின் பாலிசி விதி யாரை நினைத்து எழுதப்பட்டதோ அதே மாதிரி. விற்றவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அறுபது வயதில் ஆயுள் சேமிப்பைக் கொண்டுவந்து வைக்கிறவரிடம் வரி பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை மறைப்பது பெரிய அநியாயம்.

சரி, எவ்வளவுக்கு வரி? முதிர்வுத் தொகை 7,20,000. வங்கிக்கு வந்த 7,13,600 இல்லை, அது டி.டி.எஸ். போக வந்தது. கணக்கு எப்போதும் கடிதத்தில் உள்ள மொத்தத் தொகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாலிசியின் மேல் கடன் வாங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம். கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். அந்தக் கழித்த பணமும் நாம் பெற்றதுதான்.

நிறுவனம் போட்ட கணக்கு 7,20,000-இல் 4,00,000 போக 3,20,000. இதுதான் வருமானம் என்று எடுத்து, அதில் 2 சதவீதம், 6,400 பிடித்திருக்கிறது. 194டிஏ பிரிவில் 2024 அக்டோபர் 1 முதல் இந்த 2 சதவீதம். அதற்கு முன் 5. ஒரு நிதியாண்டில் இப்படிப்பட்ட பாலிசிப் பணம் மொத்தம் ஒரு லட்சத்தை எட்டாவிட்டால் பிடிக்க மாட்டார்கள். அதற்காக வரியே இல்லை என்று ஆகிவிடாது.

பெரியப்பாவும் இந்த 3,20,000-ஐத்தான் ரிட்டர்னில் போட நினைத்தார். நான் அவரிடம் 2015-16 நிதியாண்டு ரிட்டர்ன் நகலைக் கேட்டேன். காரணம், 2023 நிதிச் சட்டம் 56-ஆம் பிரிவில் சேர்த்த ஒரு விதி. விலக்குப் பெறாத பாலிசிப் பணத்தில், கட்டிய பிரீமியத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வேறு பிரிவில் ஏற்கெனவே கழிவாகக் கேட்காத பிரீமியத்தை மட்டும். கணக்குப் போடும் முறை 11யுஏசிஏ விதியில் இருக்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து வரும் பணத்துக்கு இது பொருந்தும். அதாவது, பிரீமியம் கட்டிய வருடத்தில் 80சி-யில் காட்டி வருமானத்தைக் குறைத்திருந்தால், அதே ரூபாயை முதிர்வில் இன்னொரு தடவை கழிக்க முடியாது.

80சி-யிலும் அதே 10 சதவீத வரம்பு உண்டு. 4 லட்சம் கட்டினாலும் காப்புத் தொகையில் 10 சதவீதமான 50,000-க்குத்தான் கழிவு. பழைய ரிட்டர்னில் பார்த்தால் சரியாக அந்த 50,000 இருந்தது. ஆகவே கழிக்கக்கூடிய பிரீமியம் 4,00,000-இல் 50,000 போக 3,50,000. வரிக்கு உட்பட்ட பகுதி 7,20,000-இல் 3,50,000 போக 3,70,000. இது ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில், பணம் வந்த ஒரே வருடத்தில் முழுதாகச் சேரும். பத்து வருடத்துக்குப் பங்கு போட வழியில்லை.

80சி-யில் நாம் என்ன காட்டினோம் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. அதனால் அவர்கள் டி.டி.எஸ். கணக்கில் எடுத்த வருமானமும் நம்முடைய ரிட்டர்னில் வரும் வருமானமும் வேறு வேறாக இருக்கலாம். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறவர்களுக்கு இங்கேதான் குறைந்துவிடுகிறது. நம் எண் கூடுதலாக இருப்பதால் பொருத்தம் இல்லை என்று பயப்பட வேண்டியதில்லை. கணக்கை ஒரு தாளில் எழுதி, பாண்டு நகல், பழைய ரிட்டர்ன், முதிர்வுக் கடிதம் மூன்றோடும் சேர்த்து வைத்தால் போதும். பழைய ரிட்டர்ன் கிடைக்காதவர்கள், சம்பளக்காரராக இருந்தால், அந்த வருடத்துப் படிவம் 16-ஐத் தேடலாம். அதில் 80சி விவரம் இருக்கும்.

பெரியப்பா கட்ட வேண்டிய வரியைப் பார்ப்போம். வருடத்துக்கு 4,20,000 பென்ஷன். சேமிப்புக் கணக்கு வட்டி சொற்பம், அதை இங்கே விட்டுவிடுகிறேன். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக பென்ஷன் 3,45,000. அதோடு 3,70,000 சேர்ந்தால் 7,15,000. முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை, மீதி 3,15,000-க்கு 5 சதவீதம் 15,750. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அது முழுதாகப் போய்விடும். இந்த வருமானம் சாதாரண விகிதத்தில் வரி போடப்படுவது என்பதால் தள்ளுபடி கிடைக்கிறது. ஆக, வரி பூஜ்யம். பிடித்த 6,400 திரும்ப வரும், ரிட்டர்ன் போட்டால்.

பழைய முறையிலேயே இருக்க வேண்டும் என்று அவர் முதலில் சொன்னார். 80சி, மருத்துவக் காப்பீடு எதுவும் இப்போது இல்லாத நிலையில் அங்கே கணக்கு இப்படி வருகிறது: கழிவு 50,000 போக பென்ஷன் 3,70,000, அதோடு இந்த 3,70,000, மொத்தம் 7,40,000. மூத்த குடிமக்களுக்கு 3 லட்சம் வரை இல்லை, 5 லட்சம் வரை 5 சதவீதத்தில் 10,000, மீதி 2,40,000-க்கு 20 சதவீதத்தில் 48,000. செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 60,320. எண்ணைப் பார்த்ததும் புதிய முறைக்கு ஒத்துக்கொண்டார்.

இதே 3,70,000 முப்பது சதவீத வரி கட்டும் ஒருவருக்கு வந்திருந்தால் செஸ்ஸோடு 1,15,440 வரும். பிடித்திருப்பது 6,400தான். 2 சதவீதம் பிடித்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்களுக்கு மீதி அத்தனையும் வட்டியோடு பின்னால் வரும்.

இந்தக் கணக்கு தெருவில் பரவி, எதிர்வீட்டு அத்தை தன் பாண்டைக் கொண்டுவந்தார். ராயபுரத்தில் இட்லிக் கடை நடத்துகிறார். 2016 பிப்ரவரியில், 52 வயதில் போட்ட பத்து வருடப் பாலிசி. ஒரே தவணை இல்லை, வருடா வருடம் 42,000. அதனால் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தேகம் அந்த வயதிலும் அந்தப் பத்து வருடத்திலும்தான். வயது கூடக் கூட, காலம் குறையக் குறைய, அதே காப்புத் தொகைக்குப் பிரீமியம் ஏறும். பத்து வருடத்தில் காப்புத் தொகையையே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றால், வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தானே வாங்குவார்கள்?

பாண்டின் அட்டவணையில் அடிப்படைக் காப்புத் தொகை 3,50,000 என்று இருந்தது. 42,000 அதில் 12 சதவீதம். இங்கே அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. சட்டம் கேட்கும் காப்புத் தொகை, பாலிசிக் காலத்தில் எந்த நேரத்தில் இறந்தாலும் குறைந்தபட்சம் உறுதியாகக் கிடைக்கும் தொகை. போனஸையும் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பிரீமியத்தையும் சேர்க்காமல். பாண்டில் ‘இறப்பின்போது காப்புத் தொகை’ என்று தனியாக ஒரு விளக்கம் இருக்கும். ‘அடிப்படைக் காப்புத் தொகை அல்லது வருடப் பிரீமியத்தில் இத்தனை மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது’ என்கிற மாதிரி. அந்த ‘இத்தனை மடங்கு’ பத்தாக இருந்தால் பாலிசி தப்பித்துவிடும். 42,000-க்குப் பத்து மடங்கு 4,20,000; அதில் 42,000 சரியாக 10 சதவீதம், வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் அப்போதிருந்த காப்பீட்டு ஒழுங்குமுறை விதிகளில், 45 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத்தான் பத்து மடங்கு கட்டாயம். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஏழு மடங்கு போதும். அத்தையின் பாண்டில் ஏழுதான். ஏழு மடங்கு 2,94,000. அதைவிட அடிப்படைத் தொகையே பெரிது. ஆக 3,50,000தான், 12 சதவீதம்தான். விலக்கு இல்லை.

“நான் கட்டின காசு திரும்பி வர்றதுக்குமா வரி?” என்றார். அதற்கு இல்லை. அவருக்கு வருவது காப்புத் தொகை 3,50,000, போனஸ் 1,40,000, மொத்தம் 4,90,000. பத்து வருடத்தில் கட்டியது 4,20,000. அத்தை இதுவரை ஒரு வருடம்கூட 80சி கேட்டதில்லை. எனவே முழுப் பிரீமியமும் கழியும், வரிக்கு உட்பட்டது 70,000 மட்டும். கடை வருமானத்தோடு சேர்த்தாலும் வரி வராது.

இதே பாலிசியைச் சம்பளக்காரர் ஒருவர் வைத்திருந்து, பத்து வருடமும் 80சி-யில் வரம்பான 35,000-ஐக் காட்டியிருந்தால் கதையே வேறு. 3,50,000 ஏற்கெனவே கழிவு வாங்கியாயிற்று. மிச்சம் 70,000-ஐத்தான் கழிக்க முடியும், வரிக்கு உட்பட்டது 4,20,000 ஆகிவிடும். ஒரே பாலிசி, ஒரே முதிர்வு. ஒருவருக்கு 70,000, இன்னொருவருக்கு 4,20,000. புதிய வரி முறையில் இருந்த வருடங்களில் 80சி கேட்டிருக்க முடியாது என்பதால் அந்த வருடங்களின் பிரீமியம் முழுதாகக் கழிக்கக் கிடைக்கும். ஆகவே வருடவாரியாக ஒரு பட்டியல் போட வேண்டும்: கட்டியது, கேட்டது, மிச்சம்.

இதில் சேராத சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிசிதாரர் இறந்து குடும்பத்துக்கு வரும் பணத்துக்கு இந்த விகிதம் எதுவும் கிடையாது, அது விலக்குதான். பெரியப்பாவின் ஒரே தவணைப் பாலிசியிலும் அப்படியேதான் இருந்திருக்கும். பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசிகள் 2021 பிப்ரவரி 1 முதல் வழங்கியவையாக இருந்து வருடப் பிரீமியம் மொத்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் மூலதன ஆதாயக் கணக்கு, அது தனி வழி. 2023 ஏப்ரல் 1 முதல் வழங்கிய மற்ற பாலிசிகளில், 10 சதவீதத்துக்குள் இருந்தாலும், எல்லாம் சேர்த்து வருடப் பிரீமியம் 5 லட்சத்தைத் தாண்டினால் விலக்கு போகும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. நான் மேலே சொன்ன மூன்று முதிர்வுகளும் 2025-26 நிதியாண்டில் வந்தவை என்பதால் பழைய சட்டத்தின் எண்களே பொருந்தும்.

அத்தையின் விஷயத்தில் ஒன்று முன்கூட்டியே செய்ய முடிந்தது. அவருக்கு 62 வயது, அந்த வருட வரி பூஜ்யம் என்பது தெரிந்துவிட்டது. அதனால் பணம் வருவதற்கு முன்பே, எனக்கு வரி வராது, டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் கொடுக்கும் படிவம் 15எச்-ஐ, மதிப்பிட்ட மொத்த வருமானத்தில் இந்த 70,000-ஐயும் சேர்த்து நிரப்பி, பான் நகலோடு பாலிசி இருக்கும் கிளையில் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்கினோம். அதற்கு முன் அவருடைய பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். இணைக்காமல் செயலிழந்த பான் என்றால், பானே கொடுக்காதது மாதிரிதான், 2 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள். 70,000-க்கு அது 14,000 ரூபாய். பெரியப்பாவும் இப்படி 15எச் கொடுத்திருக்கலாம், அவருக்கும் வரி பூஜ்யம்தான். இப்போது அந்த 6,400-க்காக ரிட்டர்ன் போட வேண்டும். அதில் இரண்டு பதிவுகள் தயாராக இருக்கின்றன: விலக்கு வருமானத்தில் 4,00,000, பிற வருமானத்தில் 3,70,000.